தேதிக்குப் பணமா, வேலைக்குப் பணமா: பாத்ரூம் ரெனோவேஷன் அனுபவம்

"கான்ட்ராக்டர் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை 30,000 கேட்கிறார், கொடுக்கலாமா?" என்று நண்பர் கேட்டதற்கான பதில் இது. கொடுக்க வேண்டாம். ஆனால் வேலையைச் சரிபார்த்துப் பணம் தருகிற முறையும் லேசானதில்லை.

அடுக்குமாடி வீட்டுப் பாத்ரூம் ஒன்றை உடைத்துப் புதிதாக்க 1,60,000 பேசியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அட்வான்ஸ் 16,000. பழைய டைல்ஸ் உடைத்து, புதுப் பைப் போட்டு, பிரஷர் டெஸ்ட் முடிந்ததும் 32,000. வாட்டர்புரூஃபிங் போட்டுத் தண்ணீர் தேக்கிப் பார்த்ததும் 40,000. டைல்ஸ் முடிந்து வாட்டம் பார்த்ததும் 40,000. குழாய், கம்மோடு மாட்டியதும் 24,000. ஒரு மாதம் பயன்படுத்திப் பார்த்துக் கடைசி 8,000. வாரக் கணக்கில் கொடுத்தால் மூன்றாவது சனிக்கிழமையே 90,000 போயிருக்கும். தரை அப்போதும் உடைத்தபடியே கிடக்கலாம்.

இந்த முறையின் உயிர் மூன்றாவது கட்டத்தில் இருக்கிறது. டைல்ஸ் கோணலாக இருந்தால் கண்ணுக்குத் தெரியும். வாட்டர்புரூஃபிங் சரியில்லை என்பது டைல்ஸ் ஒட்டிய பிறகு, கீழ்வீட்டு சீலிங்கில் ஈரம் படர்ந்தால்தான் தெரியும். அதனால் "இரண்டு கோட் அடித்தாயிற்று" என்பதற்குப் பணம் கிடையாது, "தண்ணீர் நின்றது" என்பதற்குத்தான் பணம் என்று முதல் நாளே எழுதிக்கொள்ள வேண்டும்.

கோட் நன்றாகக் காய்ந்த பின், தரைத் தண்ணீர் வெளியேறும் நானி டிராப்பின் வாயை இறுக்கி அடைத்து, வாசலில் சின்ன வரப்பு கட்டி, இரண்டு அங்குலத்துக்குத் தண்ணீர் விட்டு, சுவரில் பென்சிலால் கோடு போடுங்கள். 48 மணி நேரம் யாரும் தொடக்கூடாது. மட்டம் கொஞ்சம் இறங்கியிருந்தால் "ஆவியாயிடுச்சு சார்" என்பார்கள். அதற்காகவே ஒரு பக்கெட்டில் தண்ணீர் ஊற்றி, அதிலும் கோடு போட்டு அதே பாத்ரூமில் வையுங்கள். பக்கெட்டில் எவ்வளவு குறைகிறதோ, தரையிலும் ஏறக்குறைய அவ்வளவுதான் குறைய வேண்டும். முதல் ஒரு மணி நேரத்திலேயே சரசரவென்று இறங்கினால் தளத்தைத் திட்டுவதற்கு முன் அடைப்பைப் பாருங்கள். பெரும்பாலும் அதுதான் கசியும். அடைப்பு சரியாக இருந்தும் இறங்கினால் டிராப்பைச் சுற்றியுள்ள இடத்தையும், தரையும் சுவரும் சேரும் மூலையையும் சந்தேகப்படுங்கள். கீழ்வீட்டுக்காரரிடம் முன்பே சொல்லி, தண்ணீர் விடுவதற்கு முன்பும் பின்பும் அவர்கள் சீலிங்கைப் போட்டோ எடுத்துவிடுவது நல்லது. பழைய கறையைப் புதுசு என்று யாரும் சொல்ல முடியாது.

இனி எரிச்சல். அந்த 48 மணி நேரம். "ஆள் சும்மா நிக்கிறாங்க, கூலி யாரு கொடுப்பா?" என்ற கேள்வி வந்தே தீரும். அது அநியாயமான கேள்வியும் இல்லை. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சனிக்கிழமை கூலி போயாக வேண்டும். உங்கள் பென்சில் கோட்டுக்காக அவர்கள் வீட்டு அரிசி காத்திருக்காது. கட்டம் பெரிதாக இருந்து பணம் இழுத்தால், கான்ட்ராக்டர் ஆட்களை வேறு சைட்டுக்கு அனுப்பிவிடுவார், திரும்ப வர ஒரு வாரம் ஆகும். ஆகவே சோதனை நாட்களை ஞாயிறை ஒட்டி வையுங்கள், அல்லது அந்த நாட்களில் செய்ய வேறு வேலை ஒதுக்குங்கள். சோதனை முடிந்த அன்றே பணத்தைப் போட்டுவிடுங்கள். வேலையைச் சரிபார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு நாலு நாள் எட்டிப்பார்க்காத வீட்டுக்காரர்களும் இந்த முறையைக் கெடுக்கிறார்கள்.

டைல்ஸ் கட்டத்தில் தகராறு வேறு மாதிரி. "முடிஞ்சிருச்சு" என்றால் வாசற்படி ஓரம் பாக்கி, ஒரு மூலைத் துண்டு பாக்கி, கிரவுட் பாக்கி. அந்த மிச்சத்துக்காக 40,000-ஐ மொத்தமாக நிறுத்தினால் சண்டை, முழுதாகக் கொடுத்தால் அந்த மூலை மூலையாகவே இருக்கும். மிச்ச வேலையைச் செய்ய ஆகும் செலவைப் போல இரண்டு பங்கைப் பிடித்துக்கொண்டு மற்றதைக் கொடுப்பதுதான் ஓரளவு ஒத்துவருகிறது. வாட்டம் பார்ப்பதற்கு ரசமட்டம்கூட வேண்டாம். வாசல் பக்கம் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றுங்கள், டிராப்பை நோக்கி ஓடாமல் குட்டை கட்டினால் வாட்டம் இல்லை. ஒவ்வொரு டைலையும் நாணயத்தால் தட்டுங்கள். டொப்பு டொப்பென்று கேட்டால் அடியில் கலவை பிடிக்கவில்லை.

கடைசி 8,000 விஷயத்தில் மட்டும் இந்த முறை தோற்றது. அந்தத் தொகைக்காகப் பெரும்பாலான கான்ட்ராக்டர்கள் திரும்பி வருவதில்லை. போனை எடுத்தால் அதிசயம். அதை 15,000 ஆக்கினால் தொடக்கத்திலேயே முகம் சுளிப்பார்கள்.

குழாய் மாற்றுவது, ஒரு சுவருக்குப் பெயின்ட் அடிப்பது மாதிரி வேலைக்கு இத்தனை கட்டமும் கோடும் பக்கெட்டும் வேண்டியதில்லை. பாதி முன்னால், பாதி முடிந்ததும் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். பாத்ரூமை உடைப்பதென்றால் திட்டிக்கொண்டே மறுபடியும் இதையேதான் செய்ய வேண்டியிருக்கிறது.