காலி வீதியில் ஐந்து பேர்: இடையமா, சராசரியா, நடுப்புள்ளியா?

படிப்பு வட்டம் ஒன்றில் ஐந்து பேர். எல்லாரும் முச்சக்கர வண்டியில் வந்து, கூலியைப் பொதுப் பணத்தில் கொடுக்கிறார்கள். ஆகவே மொத்தத் தூரம்தான் செலவு. கொழும்பின் கொள்ளுப்பிட்டியிலிருந்து தெற்கே காலி வீதி வழியே கிலோமீற்றர்களை எண்ணுவோம். கணக்குக்காகச் சற்று முழுமையாக்கியிருக்கிறேன். கொள்ளுப்பிட்டி 0, பம்பலப்பிட்டி 2, வெள்ளவத்தை 4, கல்கிசை 9, மொரட்டுவை 15. எங்கே கூடலாம்?

இரு முனைகளுக்கும் நடுவான 7.5இல் கூடினால் மொத்தம் 25.5. சராசரியான 6இல் கூடினால் 24. நடு ஆளின் இடமான வெள்ளவத்தையில், அதாவது இடையத்தில், 22 மட்டுமே.

இது தற்செயல் அல்ல. கொள்ளுப்பிட்டிக்காரரையும் மொரட்டுவைக்காரரையும் ஒரு சோடியாக்குங்கள். அவர்களுக்கு நடுவில் எங்கே கூடினாலும் இருவரின் தூரமும் சேர்ந்து 15தான். ஒருவருக்குக் குறைவது மற்றவருக்குக் கூடும். பம்பலப்பிட்டி–கல்கிசை சோடிக்கும் அப்படியே, எப்போதும் 7. சோடிக்கு வெளியே போனால்தான் கூடும். ஆக 22க்குக் கீழே யாராலும் இறக்க முடியாது. மிஞ்சுவது வெள்ளவத்தைக்காரர் ஒருவர். அவர் வீட்டு வாசலிலேயே கூடினால் அவருடைய பங்கு பூச்சியம். அவர் ஒரு நாள் வராவிட்டால், பம்பலப்பிட்டிக்கும் கல்கிசைக்கும் இடையே எந்த இடமும் அதே 22தான். ஆட்கள் இரட்டை எண்ணிக்கையில் இருந்தால், நடு இருவரும் ஒரே இடத்தில் இல்லாதவரை, விடை ஒரு புள்ளியாக அல்லாமல் ஒரு துண்டாகவே வரும்.

சராசரி ஏன் தோற்கிறது? அது சிறிதாக்குவது தூரங்களின் கூட்டலை அல்ல, தூரங்களின் வர்க்கங்களின் கூட்டலை. வர்க்கத்தில் தூரத்து ஆளின் குரல் ஓங்கும். மொரட்டுவைக்காரர் பாணந்துறைக்கு, ஏறத்தாழ 25க்கு, வீடு மாறினால் சராசரி 6இலிருந்து 8க்கு ஓடுகிறது. அங்கே மொத்தம் 36, வெள்ளவத்தையிலோ 32. இடையம் அசையவே இல்லை, ஏனெனில் அது பார்ப்பது எந்தப் பக்கம் எத்தனை பேர் என்பதை மட்டுமே.

நடுப்புள்ளியையும் ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். வெள்ளவத்தையில் கூடினால் மொரட்டுவைக்காரருக்கு 11 கிலோமீற்றர், 7.5இல் யாருக்கும் 7.5ஐத் தாண்டாது. கூலியை அவரவர் கையிலிருந்து கொடுப்பதென்றால் அவர் முகம் சுளிப்பதில் நியாயம் உண்டு. பொதுப் பணம் என்றால் வெள்ளவத்தைதான்.

வீடு காலி வீதியில் இல்லாதவர்களை என்ன செய்வது? நாரஹேன்பிட்டியிலிருந்து ஒருவர் பௌத்தாலோக மாவத்தை வழியே பம்பலப்பிட்டிச் சந்திக்கு வருவதானால் அவரை 2இல் வைத்து எண்ணுங்கள். கூடும் இடம் காலி வீதியில் இருக்கும்வரை, சந்தி வரைக்குமான தூரம் எங்கே கூடினாலும் மாறாது. கூடுமிடத்தையே அந்தக் கிளை வீதிக்குள் கொண்டுபோனால் மற்றவர்கள் எல்லாரும் கூடுதலாக வர வேண்டியிருக்கும். பாதிப்பேராவது அந்தக் கிளையில் குடியிருந்தால் மட்டுமே அதைப் பற்றி யோசிக்கலாம்.