பாதியில் நிற்கும் மொழிபெயர்ப்பு: நோட்டீஸா, முடிப்பு ஒப்பந்தமா, புதிதாகத் தொடங்குவதா?

பதிப்பாளராக நாம் அமர்த்திய மொழிபெயர்ப்பாளரை வேலையின் நடுவில் நிறுத்த வேண்டி வந்தால் நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன. ஒப்பந்தத்தில் உள்ள ரத்துப் பிரிவைக் காட்டி நோட்டீஸ் கொடுக்கலாம். இருவரும் உட்கார்ந்து பேசி முடிப்பு ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திடலாம். அல்லது, பழைய வரைவை அவரிடமே விட்டுவிட்டு வேறொருவரை வைத்து முதல் வரியிலிருந்து தொடங்கலாம். எதில் செலவு குறைவு என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் கேள்வி. அதற்கு முன் கேட்க வேண்டியது, இதுவரை எழுதிய பக்கங்கள் கடைசியில் யாருடையவை ஆகும் என்பது.

பணம் கொடுத்துவிட்டதால் வரைவு நம்முடையது ஆகிவிடாது. ஊழியராக இல்லாமல் வெளியிலிருந்து எழுதித் தருபவரின் எழுத்துக்குப் பெரும்பாலான நாடுகளில் முதல் உரிமையாளர் அவரேதான். பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையின்படி மொழிபெயர்ப்புக்கும் மூல நூலைப் போலவே தனிப் பாதுகாப்பு உண்டு. உரிமை கைமாற எழுத்தில் ஒப்படைப்பு வேண்டும், ஒப்படைப்பவர் அதில் கையெழுத்திட்டிருக்க வேண்டும். இந்தியாவிலும் பிரிட்டனிலும் சட்டம் இதை வெளிப்படையாகவே சொல்கிறது. அமெரிக்காவில் கேட்டு வாங்கும் மொழிபெயர்ப்பை, இருவரும் கையெழுத்திட்ட எழுத்து இருந்தால், ஆரம்பத்திலிருந்தே கேட்டவருடைய படைப்பாக வைத்துக்கொள்ள வழி உண்டு. ஜெர்மனியில் பதிப்புரிமையை விற்கவே முடியாது. அங்கே பயன்பாட்டு உரிமையைத்தான் வாங்க முடியும்.

அதே சமயம் மொழிபெயர்ப்பாளரின் கையும் கட்டப்பட்டிருக்கிறது. மூல நூல் பதிப்புரிமையில் இருக்கும் வரை, அதன் உரிமையாளர் அனுமதிக்காமல் அந்த மொழிபெயர்ப்பை அவர் எங்கேயும் வெளியிட முடியாது. ஆக வரைவு அவருடையது, ஆனால் அவருக்கு அதனால் பயனில்லை. நமக்குப் பயன் உண்டு, ஆனால் அது நம்முடையது இல்லை. இரண்டு பக்கமும் இப்படிப் பூட்டிக் கிடப்பதால்தான் பேசி முடிக்க இடம் கிடைக்கிறது.

ஒரு கற்பனைக் கணக்கை வைத்துப் பார்க்கலாம். நாவல் 80,000 சொற்கள். மொத்தத் தொகையை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். கையெழுத்திட்டதும் 25, பாதி வந்ததும் 25, இறுதிப் பிரதி ஏற்கப்பட்டதும் 50 என்பது ஏற்பாடு. இதுவரை வந்தது 36,000 சொற்கள். அதில் 28,000 திருத்தம் முடிந்தவை, 8,000 முதல் வரைவு. இன்னொரு 4,000 சொற்களை எழுதி வைத்திருப்பதாக அவர் சொல்கிறார், அனுப்பவில்லை. கொடுத்தது முன்பணம் 25 மட்டும். உரிமையைப் பற்றி ஒப்பந்தத்தில் இருப்பது ஒரே வரி: முழுத் தொகை செலுத்தப்பட்டதும் உரிமை பதிப்பாளருக்கு மாறும்.

முதல் வழி நோட்டீஸ். பிரிவு இருந்தால் வேகமானது, யாரிடமும் சம்மதம் கேட்க வேண்டியதில்லை. ஆனால் நம் கணக்கில் அது நேராக அந்த ஒற்றை வரியில் போய் முட்டுகிறது. பாதியில் நிறுத்திய பிறகு முழுத் தொகை என்பது எவ்வளவு? பாதிக் கட்டம் எட்டப்படவில்லை, எனவே கொடுத்த 25 போதும் என்பார் பதிப்பாளர். ஒப்பந்தத்தில் இருப்பது 100 என்பார் மொழிபெயர்ப்பாளர். இந்த இழுபறி தீரும் வரை உரிமை அவரிடமே நிற்கும். ரத்துப் பிரிவே இல்லாத ஒப்பந்தத்தில் தன்னிச்சையாக நிறுத்தினால், ஒப்பந்தத்தை மீறியவர் நாம் என்றும் ஆகலாம்.

சில ஒப்பந்தங்களில் ரத்துத் தொகை என்று ஒன்று இருக்கும், உதாரணமாக மீதியில் பாதி. மீதி 75, அதில் பாதி 37.5, முன்பணத்தோடு சேர்த்து 62.5. இது நியாயமாகக்கூட இருக்கலாம். ஆனால் பிரிவைக் கடைசி வரை படிக்க வேண்டும். பெரும்பாலும் அது அவர் இழந்த நேரத்துக்கான ஈடு மட்டுமே; வரைவைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. அப்படியானால் 62.5 கொடுத்தும் கைக்கு ஒன்றும் வராது. நோட்டீஸ் வழி எனக்குச் சரியென்று படுவது ஒரே நிலையில்தான்: ரத்துப் பிரிவிலேயே தொகையும் வரைவின் உரிமையும் சேர்த்து எழுதப்பட்டிருக்கும்போது.

இரண்டாவது, முடிப்பு ஒப்பந்தம். இது மெதுவானது, பேச வேண்டும், கோபத்தை அடக்க வேண்டும். இருந்தாலும் பத்தில் எட்டு முறை நான் இதைத்தான் சொல்வேன். இதில் சிரமமான பகுதி தொகையைக் கணக்கிடுவது.

36,000 சொல் வந்திருக்கிறது, அதாவது 45 சதவீதம், எனவே 45 பங்கு என்று நேராகப் பெருக்குவது தவறு. ஒப்புக்கொண்ட கட்டணத்தில் முதல் வரைவு மட்டும் இல்லை, திருத்தமும் மெய்ப்பு பார்ப்பதும் அதற்குள் அடங்கும். முதலில் இந்த மூன்றுக்கும் எடை பேசிக்கொள்ள வேண்டும். வரைவுக்கு 70, திருத்தத்துக்கு 20, மெய்ப்புக்கு 10 என்று ஒத்துக்கொண்டால், திருத்தம் முடிந்த 28,000 சொற்கள் மொத்தத்தில் 35 சதவீதம், அதற்கான வேலையில் 90 சதவீதம் முடிந்தது, எனவே 31.5. முதல் வரைவாக உள்ள 8,000 சொற்களுக்கு 7. அனுப்பாத 4,000 சொற்களையும் வாங்கினால் 3.5. கூட்டினால் 42. முன்பணம் போக இன்னும் 17 தர வேண்டும்.

மீதி வேலைக்கு வேறொருவரை அமர்த்தினால் இதே எடையில் 58 வரும், மொத்தம் 100. ஆனால் அந்த 58ஐ நம்பி நிம்மதியாக இருக்க வேண்டாம். இரண்டு பேரின் நடையை ஒட்டவைக்க, புதியவர் முதல் 40,000 சொற்களையும் ஒருமுறை பார்த்துச் சரிசெய்ய வேண்டியிருக்கும். அதற்குத் தனியாகக் கேட்பார், கேட்பதும் நியாயம். அப்படியிருந்தும், வரைவும் சேர்ந்தே கிடைக்கும் ரத்துத் தொகை வழியோடு ஒப்பிட்டால் (62.5, அப்புறம் 58, ஆக 120.5) இது குறைவாகவே நிற்க வாய்ப்பு அதிகம்.

தொகை முடிவானதும் ஒப்பந்தத்தின் வாசகம். "ஒப்படைப்பேன்" என்று எழுதினால் அது பின்னால் செய்வதாகத் தரும் வாக்குறுதி. அவர் செய்யாவிட்டால் மறுபடி ஓட வேண்டும். "மேற்கண்ட தொகை என் கணக்கில் வந்த கணத்தில் இதன்மூலம் ஒப்படைக்கிறேன்" என்று இருந்தால் பணம் சேர்ந்ததும் உரிமை மாறிவிடும், இன்னொரு கையெழுத்து தேவையில்லை. மொழிபெயர்ப்பாளருக்கும் இது பாதுகாப்பு, ஏனென்றால் பணம் வராமல் எதுவும் கைவிட்டுப் போகாது.

எதை ஒப்படைக்கிறார் என்பதற்கு இணைப்புப் பட்டியல் வேண்டும்: கோப்பின் பெயர், எந்த அத்தியாயம், எத்தனை சொற்கள், எந்தத் தேதியின் வடிவம். "வரைவுகள் அனைத்தும்" என்று மொத்தமாக எழுதினால் அந்த அனுப்பாத 4,000 சொற்கள் உண்டா இல்லையா என்பதிலேயே சண்டை தொடங்கும். பெயர்கள், வழக்குச் சொற்கள் பற்றி அவர் வைத்திருந்த குறிப்புப் பட்டியல், மென்பொருளில் வேலை செய்திருந்தால் மூல வாக்கியத்தையும் மொழிபெயர்ப்பையும் ஜோடியாகச் சேமித்த `.tmx` கோப்பு ஆகியவற்றையும் தனியாகக் குறிப்பிட வேண்டும். அடுத்தவருக்குப் பாதி நேரத்தை மிச்சப்படுத்துவது இவைதான், கேட்க மறப்பதும் இவற்றைத்தான்.

உரிமைப் பிரிவில் மாற்றி எழுதவும் வேறொருவரைக் கொண்டு தொடரவும் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். கால அளவையும் நிலப்பரப்பையும் விட்டுவிடாதீர்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவில், காலம் சொல்லாவிட்டால் ஒப்படைப்பு 5 ஆண்டுக்கு என்றும், இடம் சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் கொள்ளப்படும். 5 ஆண்டு கழித்து மறுபதிப்பு போடும்போது முதல் பாதி நம்முடையது இல்லை என்று தெரியவந்தால் எப்படி இருக்கும்!

பெயரைப் பற்றியும் பேசிவிட வேண்டும். படைப்பாளி என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும், தன் பெயருக்குக் கேடு வரும்படி எழுத்தைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமையும் பொருளாதார உரிமையை விற்ற பிறகும் நீடிக்கும் என்கிறது பெர்ன் உடன்படிக்கை. புத்தகத்தில் இரண்டு பெயரும் வருமா, முதலாமவர் தன் பெயரே வேண்டாம் என்கிறாரா என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிவிடலாம். பிறர் கைவைத்த பிரதியில் தன் பெயர் வருவதைச் சிலர் விரும்புவதில்லை. அது வீம்பு இல்லை. உரிமையை முழுசாகத் தர அவர் தயங்கினால், நமக்கு மட்டுமேயான பயன்பாட்டு அனுமதியாக வாங்கலாம். நூலை வெளியிட அதுவே போதும், பல சமயம் விலையும் குறையும்.

மூன்றாவது வழி, வரைவை விட்டுவிடுவது. கணக்கு எளிது: போன 25, புதிதாக 100, மொத்தம் 125. ரத்துத் தொகை வழியின் 120.5க்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, நடையும் முதலிலிருந்து கடைசி வரை ஒன்றாக இருக்கும். பழைய வரைவின் தரமே பிரச்சினை என்றால், அதைக் காசு கொடுத்து வாங்கித் திருத்துவதைவிட இதுதான் புத்திசாலித்தனம். இதிலும் ஒரு பக்கக் கடிதம் வேண்டும்: முன்பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை, மேற்கொண்டு யாருக்கும் யாரும் பாக்கி இல்லை, வரைவு அவரிடம் இருக்கிறது, நாம் அதைப் பயன்படுத்த மாட்டோம். இதற்கு அவரும் கையெழுத்திட வேண்டும். அந்தக் கடைசி வாக்கியத்தை உண்மையாகவே காப்பாற்றவும் வேண்டும். புதிய மொழிபெயர்ப்பாளருக்குப் பழைய கோப்பு போகக் கூடாது, 'சும்மா பார்த்துக்கொள்ள' என்றும்கூட. ஒரே மூலத்தை இருவர் மொழிபெயர்த்தால் ஒத்த வாக்கியங்கள் சில இயல்பாகவே வரும். ஆனால் முதலாமவரின் பிழைகளும் அவர் தன் போக்கில் சேர்த்த சொற்களும் அப்படியே மறுபடி வந்தால், எங்கிருந்து வந்தது என்பதை மறைக்க முடியாது.

பிறர் பெயரில் அவர்கள் வாழ்க்கைக் கதையை எழுதித் தரும் கோஸ்ட் ரைட்டர் விஷயத்தில் இந்தத் தராசு சாய்ந்துவிடுகிறது. அவர் எழுதுவது மொழிபெயர்ப்பு அல்ல, எனவே மூல நூலாசிரியரின் அனுமதி என்ற பூட்டு இல்லை. வாழ்க்கைச் சம்பவங்களுக்குப் பதிப்புரிமை கிடையாது, அவற்றைச் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு. ரகசியக் காப்புப் பிரிவு இல்லையென்றால், வரைவை அவர் வேறு வடிவில் கொண்டுவருவதைத் தடுப்பது கடினம். அதனால் இங்கே மூன்றாவது வழியை நான் சொல்லமாட்டேன், முடிப்பு ஒப்பந்தமே சரி. ரத்துக்குப் பிறகும் ரகசியம் தொடரும் என்று அதில் இருக்க வேண்டும். எழுதியது தான்தான் என்று வெளியே சொல்வதில்லை என்ற உறுதிமொழியும் வேண்டும்.

தொகைக் கணக்கும் மாறும். சொல் எண்ணிக்கை இங்கே உதவாது. நேர்காணல்கள் எல்லாம் முடிந்து, அத்தியாயத் திட்டம் தயாராகி, எழுதியது பத்துப் பக்கம்தான் என்ற நிலையில் வேலையின் கனமான பகுதி ஏற்கனவே நடந்துவிட்டது. நேர்காணல், திட்டம், வரைவு, திருத்தம் என்று கட்டங்களுக்கு எடை வைத்துக் கணக்கிட வேண்டும். ஒப்படைப்புப் பட்டியலிலும் பத்துப் பக்க வரைவுக்கு முன்னால் ஒலிப்பதிவுகளும் எழுத்துப்படிகளும் வர வேண்டும். அடுத்து வருபவர் அந்த வரைவைத் தூக்கி எறிந்தாலும் எறிவார், ஆனால் நேர்காணல்களை மறுபடி முதலிலிருந்து எடுத்தால், கதையைச் சொன்னவருக்கே பொறுமை இருக்காது.