கழுத்துக்கும் நெஞ்சுக்கும் அடாபலீனும் சன்ஸ்கிரீனும்: மலையகக் குளிரில் ஒரு வருடப் பாவனை

பருவுக்கும் வெயிலால் வந்த பழுப்புக்கும் சுருக்கத்துக்கும் இரவில் பூசும் அடாபலீன் 0.1% ஜெல் முகத்துக்கு நன்றாக ஒத்துப்போனவர்கள் அதே அளவைக் கழுத்துக்கும் இழுத்துப் பூசிப் பார்க்கிறார்கள். மூன்றாம் கிழமை கழுத்து மடிப்புகளில் அரிப்பும் எரிச்சலும் வருகிறது. அதன் பிறகு அந்த மடிப்புகள் முன்பிருந்ததைவிடக் கறுக்கின்றன. அதோடு கழுத்தை விட்டுவிட்டு முகத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கங்களில் இந்த முறையைப் பாவிப்பவர்களிடம் திரும்பத் திரும்பக் காண்பது இதுதான். நீண்டகாலம் விடாமல் பாவித்துப் பலன் கண்டவர்கள் வேறுவிதமாகச் செய்கிறார்கள். முகத்தைவிடக் கழுத்துக்கும் நெஞ்சுக்கும் சன்ஸ்கிரீன் கூடுதலாகவும் அடாபலீன் குறைவாகவும் பூசுகிறார்கள். காரணம் எளியது. கழுத்துத் தோலில் எண்ணெய்ச் சுரப்பிகள் முகத்தைவிட மிகக் குறைவு. அதனால் அது சீக்கிரம் வறளும், புண்பட்டால் ஆற நாளாகும்.

மலையகத்தில் இந்தப் பேச்சு வேண்டியதற்குக் காரணம் குளிர். உடம்பு சுடவில்லை என்றால் வெயில் இல்லை என்று நினைத்துவிடுகிறோம். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறும்போது புறஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். மெல்லிய மேகம் அதில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஏப்ரல் முற்பகுதியில் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். நுவரெலியாவில் வசந்த காலக் கொண்டாட்டமும் அதே மாதத்தில்தான். சுவெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு வாவிக்கரையில் நடக்கிற அந்த நாட்களில்தான் கழுத்தும் நெஞ்சும் அதிகம் கருகும்.

எதையும் வாங்குவதற்கு முன் கண்ணாடி முன் பகல் வெளிச்சத்தில் நின்று நாடியை மேலே தூக்கிப் பாருங்கள். நாடிக்கு நேர் கீழே, அதன் நிழல் விழும் இடத்தில், ஒரு துண்டுத் தோல் மட்டும் வெளிறிச் சுத்தமாக இருக்கும். அதற்கு இரு பக்கமும் காதுக்குக் கீழே பழுப்பும் செம்பழுப்பும் கலந்து வலைபோலத் தெரிந்தால், நெஞ்சில் சட்டைக் கழுத்தின் வெட்டை ஒட்டி நிறம் சட்டென்று மாறினால், அது பெரும்பாலும் வெயில் செய்த வேலை. நாடிக்குக் கீழும் பிடரியும் ஒரேபோலக் கறுத்து, தோல் தடித்து, தடவினால் வெல்வெட் துணிபோல இருந்து, அக்குளிலும் அப்படியே இருந்தால் அதற்கு இந்த முறை உதவாது. இன்சுலின் சரியாக வேலை செய்யாதவர்களுக்கு அப்படிக் கறுக்கும். கிறீம் வாங்குவதற்கு முன் இரத்தச் சீனியைப் பரிசோதிக்க வேண்டும். செயற்கை நகையின் கோடு எங்கே ஓடுகிறதோ அங்கே மட்டும் அரித்துக் கறுத்தால் நிக்கல் ஒவ்வாமையை நினையுங்கள். நகையைக் கழற்றாமல் எந்தக் கிறீமும் அதை ஆற்றாது.

இனி அளவு. விரல்களோடு சேர்ந்த உங்கள் ஒரு உள்ளங்கை, உங்கள் உடம்புத் தோலில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. கழுத்தின் முன்பக்கமும் பக்கவாட்டும் ஒரு உள்ளங்கை, பிடரி ஒன்று, சட்டைக் கழுத்துக்குள் தெரியும் நெஞ்சு ஒன்று என்று மூன்று வரும். பின்கழுத்து இறங்கிய ரவிக்கை போட்டால் முதுகுக்கு இன்னொன்று. சன்ஸ்கிரீன் டப்பாவில் எழுதியிருக்கும் பாதுகாப்பு, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசினால்தான் கிடைக்கும். மூன்று உள்ளங்கைக்கு அது சுமார் ஒரு கிராம். சுட்டுவிரலின் நுனி மூட்டு நீளத்துக்கு டியூபிலிருந்து பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம் வரும். ஆக, அப்படி இரண்டு தடவை கழுத்துக்கும் நெஞ்சுக்கும் மட்டும் வேண்டும், முகத்துக்குத் தனியாக. இந்தக் கணக்கில், ஒரு நாளைக்கு ஒரு தடவை பூசினாலே 50 கிராம் டியூப் 50 நாளில் முடிந்துவிடும். முகத்துக்கும் சேர்த்துப் பாவித்தும் ஒரு டியூப் ஐந்தாறு மாதம் வருகிறது என்றால், பூசுவது போதவில்லை. விலையை நினைத்துக் கொஞ்சமாகப் பூசுவதைவிட, மூடக்கூடிய இடத்தைத் துணியால் மூடிவிட்டு மீதி இடத்துக்கு முழு அளவு பூசுவது நல்லது.

கொழுந்து எடுப்பவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது துணிதான். பகல் முழுக்க வியர்வையோடும் கூடையோடும் நிற்கிற உடம்பில் சன்ஸ்கிரீன் நிலைக்காது. கூடைக் கயிற்றுக்கு அடியில் தலையில் போடும் துணி பிடரியை மறைத்துவிடுகிறது, ஆனால் முன்கழுத்தும் நெஞ்சும் திறந்தே இருக்கும். அந்தத் துணியின் இரு முனையையும் முன்னால் கொண்டுவந்து கழுத்தில் ஒரு சுற்றுச் சுற்றிச் சட்டைக்குள் செருகினால் போதும். நெருக்கமாக நெய்த, கருநிறப் பருத்தித் துணி நல்லது. வெளுத்து நூல் விலகிய பழைய துணி கதிரை அவ்வளவாகத் தடுக்காது.

வெள்ளைச் சேலை, வெள்ளைச் சட்டை உடுத்துபவர்கள் சன்ஸ்கிரீனைக் கைவிடக் காரணம் கறை. அவோபென்சோன் என்ற பொருள் உள்ள சன்ஸ்கிரீன் துணியில் பட்டு, இரும்புச் சத்துள்ள தண்ணீரில் கழுவப்பட்டால் துருப்பிடித்தாற்போல ஆரஞ்சுக் கறை பிடிக்கும். பீலித் தண்ணீரைப் பிடித்து வைத்த வாளியின் அடியில் செம்மண் நிறப் படிவு தங்கினால் உங்கள் தண்ணீரில் இரும்பு இருக்கலாம். வெளுக்கும் திரவம் ஊற்றினால் கறை இன்னும் அழுத்தமாகும். பாத்திரம் கழுவும் திரவத்தைப் பிசுக்கின் மேல் தேய்த்து முதலில் எண்ணெயை எடுங்கள். பிறகு தேசிக்காய்ச் சாறு விட்டு ஊறவைத்து அலசுங்கள். சாற்றைத் துணிக்கு மட்டும் பாவியுங்கள். தோலில் தேசிக்காய் தேய்த்து வெயிலில் போனால் கொப்புளித்து, மாதக்கணக்கில் போகாத கறுப்புத் தழும்பு விழும். கழுத்தில் நேரடியாக வாசனைத் திரவியம் அடித்துக்கொண்டு வெயிலில் போவதும் சிலருக்கு அப்படிக் கறுக்கவைக்கும். அதைச் சேலையில் அடியுங்கள்.

இரவு முறைக்குத் தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவரை எடுத்துக்கொள்வோம். நாற்பது தாண்டிய வயது, மாநிறம், காதுக்குக் கீழே பழுப்பு வலை, நெஞ்சில் காலையில் எழும்போது தெரியும் மெல்லிய சுருக்கம். முதல் நான்கு கிழமைக்கு அடாபலீன் வேண்டாம். காலையில் சன்ஸ்கிரீன், இரவில் வாசனையில்லாத மொயிஸ்சரைசர் மட்டும். தோல் அமைதியான பிறகு கிழமையில் இரண்டு இரவு, உதாரணமாகச் செவ்வாயும் சனியும், அடாபலீன். சுடுதண்ணீரில் குளித்தால் கழுத்து நன்றாகக் காயும்வரை அரை மணிநேரம் விடுங்கள், ஈரத் தோலில் பூசினால் எரிச்சல் கூடும். நாடியைத் தூக்கி மடிப்பு விரிந்த நிலையில், மடிப்புக் கோடுகளின் மேல் மட்டும் வஸலின் மெல்லிசாக. மற்ற இடம் முழுக்க மொயிஸ்சரைசர். அது உறிஞ்சிய பிறகு, பாதிப் பட்டாணி அளவு ஜெல் கழுத்துக்கு, இன்னொரு பாதி நெஞ்சுக்கு. மடிப்புக்கு வஸலின் சொல்வதற்குக் காரணம் உண்டு. தலை குனியும்போது கிறீம் அந்தக் கோடுகளுக்குள் வழிந்து தேங்கும், தேங்கிய இடம்தான் முதலில் புண்ணாகும்.

எங்கள் நிறத் தோலில் எரிச்சலின் தொடக்கம் எளிதில் சிவப்பாகத் தெரியாது. மொயிஸ்சரைசர் பட்டாலே சுரீர் என்பதும், சாய்வெளிச்சத்தில் தோல் மினுமினுத்து மெல்லிய செதில் தெரிவதும் தொடக்க அறிகுறி. அதைக் கண்ட அன்றே அடாபலீனை நிறுத்தி, சுரீர் என்பது முழுதாகப் போன பிறகும் ஒரு கிழமை பொறுத்து, கிழமைக்கு ஒரு இரவாகத் தொடங்க வேண்டும். பழகிவிடும் என்று தொடர்ந்தால் எரிச்சல் ஆறும்போது கறுப்பை விட்டுச் செல்லும். ஜனவரி முதல் மார்ச் வரை, இரவுக் குளிரும் காய்ந்த காற்றும் சேரும்போது, நன்றாகப் பழகியவர்களுக்குக்கூட இது வருகிறது. அந்த மாதங்களில் கிழமைக்கு ஒரு இரவு போதும். மே மாதம் மழை பிடித்த பிறகு பழைய கணக்குக்குத் திரும்பலாம். கம்பளிச் சுவெட்டரின் கழுத்துப்பட்டை தோலில் உரசுவதும் எரிச்சலைக் கூட்டும், உள்ளே ஒரு பருத்தித் துணி இருக்கட்டும். அதைக் கழற்றும்போது காலையில் பூசிய சன்ஸ்கிரீனும் துடைபட்டுப் போகும். அதனால் பத்தரை மணி இடைவேளையில் சுவெட்டரைக் கழற்றினால் அப்போதே மறுபடி பூச வேண்டும்.

கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்கு முயல்பவர்களும் அடாபலீன் பாவிக்கக் கூடாது. அவர்களுக்கு அசெலாயிக் அமிலம் இருக்கிறது. பழுப்பு நிறத்துக்கு அது நல்ல மருந்து, வைத்தியரிடம் கேட்டுப் பாவிக்கலாம்.

பலன் மெதுவாகத்தான் வரும். முதல் மூன்று மாதத்தில் தெரிவது ஒன்றே ஒன்று: புதிதாகக் கறுப்பதில்லை. அது சன்ஸ்கிரீனின் வேலை. நான்காம் மாதத்திலிருந்து ஆறாம் மாதத்துக்குள் தோலின் சொரசொரப்பு குறைந்து, நெஞ்சின் மெல்லிய சுருக்கம் மங்கும். பழுப்பு அதற்குப் பிறகும் மெல்ல மெல்லக் குறையும். நாடிக்குக் கீழிருக்கும் அந்த வெளிறிய துண்டையும் பக்கத்துத் தோலையும் மாதம் ஒரு முறை ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் படமெடுத்து வைத்தால், இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் குறைகிறதா என்று பார்க்கலாம். முகத்தோடு ஒப்பிடுவது சரிவராது, முகமும் மாறிக்கொண்டிருக்கும். கழுத்தைச் சுற்றி ஓடும் ஆழமான கோடுகள் போகாது, சிலருக்கு அவை சிறுவயதிலேயே இருப்பவை. தொங்கிய தோலும் செம்பழுப்பில் தெரியும் நுண்ணிரத்தக் குழாய்களும் கிறீமுக்கு அடங்காதவை. குழாய்களுக்கு லேசர் உண்டு, ஆனால் எங்கள் நிறத்தில் அது கறுப்புத் தழும்பை விடக்கூடும் என்பதால், கருந்தோலில் செய்து பழகிய சரும நோய் நிபுணரிடம் மட்டும் போகலாம்.

இரண்டு கிழமையில் வெளுக்கும் என்று விற்கிற, சேர்மானப் பட்டியல் இல்லாத கிறீம்களைக் கழுத்தில் வைக்காதீர்கள். அவற்றில் ஸ்டீரொய்டோ பாதரசமோ கலந்திருப்பது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. ஸ்டீரொய்டு கழுத்துத் தோலை இன்னும் மெல்லியதாக்கும், நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும் பொங்கும். ஏற்கெனவே பாவித்துவருபவர்கள் அதன் மேல் அடாபலீனைத் தொடங்காமல், அந்த டப்பாவோடு அரச வைத்தியசாலையின் சரும நோய்க் கிளினிக்குக்குப் போக வேண்டும்.

ஒரு வருடம் கடந்து தோல் நிலைப்பட்ட பிறகு, கிழமைக்கு மூன்று இரவு வரை போனவர்களும் இரண்டுக்குக் குறைத்துக்கொள்ளலாம், பலன் நிற்கும். சன்ஸ்கிரீன் அளவைக் குறைக்க முடியாது. ஏப்ரலில் சில கிழமை விட்டவர்களுக்குக் காதுக்குக் கீழே, முன்பு வலை இருந்த அதே இடத்தில்தான் பழுப்பு முதலில் திரும்புகிறது.