நிலுவைக் கடிதம்: குரலை இறுக்குவதா, விவரத்தை இறுக்குவதா?

பணம் தராமல் இழுத்தடிக்கும் வாடிக்கையாளருக்கு எழுதும் நினைவூட்டலை இரண்டு விதமாக இறுக்கலாம். ஒன்று, கடிதத்துக்குக் கடிதம் குரலை உயர்த்துவது. மற்றொன்று, குரலை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் விவரத்தை இறுக்குவது. இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன். இப்போது இரண்டாவதை விடுவதாக இல்லை.

முதல் வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். "தயவுசெய்து" என்று தொடங்கி, "வருத்தமளிக்கிறது" என்று தொடர்ந்து, "பொறுப்பற்ற செயல்" என்பதில் போய் முடித்தேன். வந்த பதிலில் பணத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. முழுக்க என் சொற்களைப் பற்றித்தான். கடன்பட்டவர் அவர், மன்னிப்புக் கேட்டவன் நான்.

அடுத்த முறை ஒரு புத்தகப் பக்க வடிவமைப்பு வேலை. கெடு 5ஆம் தேதி. 8ஆம் தேதி எழுதினேன்: "பில் எண் 47க்கான தொகை 5ஆம் தேதி வரவேண்டியது. கவனத்துக்கு வராமல் போயிருக்கலாம் என்பதால் பில்லை மீண்டும் இணைத்துள்ளேன். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் நன்றி."

17ஆம் தேதிக் கடிதத்தில், அவர் சார்பில் நானே சொன்ன அந்தச் சாக்கை எடுத்துவிட்டேன். கணக்குப் பிரிவுக்கும் நகல் வைத்தேன். "பில்லில் திருத்தம் ஏதும் தேவையா? இல்லையெனில் 24ஆம் தேதிக்குள் அனுப்பிவைக்க வேண்டுகிறேன்." அந்தக் கேள்விக்குப் பலன் கிடைத்தது. பில்லில் அவர்களுடைய ஆர்டர் எண் இல்லை, அதனால் கணக்குப் பிரிவு அதை ஓரமாக வைத்திருந்தது. அன்றே திருத்தி அனுப்பினேன். இருந்தும் 24 கடந்தது.

26ஆம் தேதி: "8, 17 ஆகிய தேதிகளில் எழுதியிருந்தேன், திருத்திய பில்லும் தங்களிடம் உள்ளது. 31ஆம் தேதிக்குள் தொகை வராவிட்டால், மீதமுள்ள அத்தியாயங்களின் வேலையை 1ஆம் தேதி முதல் நிறுத்திவைக்க வேண்டியிருக்கும். தொகை கிடைத்த மறுநாளே தொடர்வேன்."

இந்த வழி பலிப்பதும் பலிக்காததும் கடைசிக் கடிதத்தில் சொல்லும் விளைவைப் பொறுத்தது. அது என் கையில் இருக்க வேண்டும், சொன்ன நாளில் நான் செய்யக்கூடியதாகவும் இருக்க வேண்டும். முன்பு ஒருவருக்கு "சட்ட நடவடிக்கை" என்று எழுதிவிட்டு, வழக்கறிஞரைப் பார்க்கக்கூடப் போகவில்லை. அதன்பின் நான் எழுதிய எதையும் அவர் பொருட்படுத்தவில்லை. வேலையை நிறுத்துவதற்கோ யார் தயவும் வேண்டியதில்லை. "மறுநாளே தொடர்வேன்" என்ற வரி இருப்பதால் அது மிரட்டலாகவும் படிக்கப்படுவதில்லை. ஒப்பந்தம் அதற்கு இடம் தருகிறதா என்பதை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். தொகை 30ஆம் தேதி வந்தது.

வேலை முழுவதையும் ஒப்படைத்த பிறகு என்றால் நிறுத்த எதுவும் இருக்காது. அப்படி ஒரே ஒரு முறை மாட்டியிருக்கிறேன். மூன்றாவது கடிதத்தில் இரண்டு தவணையாகத் தரலாம் என்று எழுதினேன். முதல் தவணை வந்தது. இரண்டாவதற்குக் காத்திருக்கிறேன்.