அனுசரணைப் பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது: பிரித்தானிய வேலை விசாவுக்குப் பணம் கட்டுவோர் கவனத்திற்கு

பிரித்தானியாவில் சிவில் பொறியியலாளர் வேலையும் அதற்குரிய திறன்சார் தொழிலாளர் விசாவும் பெற்றுத் தருவதாகக் கூறி, திருகோணமலை நகரில் இயங்கும் ஓர் ஆலோசனை நிலையம் எனது தங்கையின் கணவரிடம் 14 இலட்சம் ரூபாய் வாங்கியது. வேலையும் வரவில்லை, பணமும் திரும்பவில்லை. கிண்ணியாவிலும் மூதூரிலும் இருந்து சிலர் இதே நிலையத்துக்குச் சென்று வருவதாக அறிந்ததால் இதை எழுதுகிறேன்.

அவர்கள் நம்பிக்கையைப் பெற்ற வழி பொய்யான பட்டியல் அல்ல, உண்மையான பட்டியல்தான். வெளிநாட்டவருக்கு வேலை விசா அனுசரணை வழங்க உரிமம் பெற்ற நிறுவனங்களின் பெயர்களைப் பிரித்தானிய உள்துறை அமைச்சு gov.uk தளத்தில் "Register of licensed sponsors: workers" என்ற தலைப்பில் வெளியிடுகிறது. அந்நிலையத்தின் பொறுப்பாளர் அதை மைத்துனருக்குத் திறந்து காட்டி, வேலை தருவதாகச் சொல்லப்பட்ட நிறுவனத்தின் பெயருக்கு நேரே ஏ தரம் என்று இருப்பதையும் சுட்டிக்காட்டியுள்ளார். "தம்பி, இது அரசாங்கத்தின்ட லிஸ்ட். இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?" என்று அவர் கேட்டபோது, அங்கிருந்த எவருக்கும் மறுத்துச் சொல்ல எதுவும் இருக்கவில்லை.

ஆனால் அந்தப் பட்டியல் சொல்வது மிகக் குறைவு. நிறுவனத்தின் பெயர், ஊர், தரம், எந்த விசா வகைக்கு உரிமம் உண்டு என்பவை மட்டுமே அதில் இருக்கும். உரிமம் எப்போது கிடைத்தது, இதுவரை எத்தனை பேரை வரவழைத்தது, வந்தவர்களுக்குச் சம்பளம் ஒழுங்காகக் கொடுத்ததா, இப்போது உண்மையில் வேலை வெற்றிடம் உள்ளதா என்பவை எதுவும் அதில் இல்லை. ஏ தரம் என்பது உரிமத்தின் நிலையைக் குறிப்பதே தவிர, நல்ல முதலாளி என்ற நற்சான்று அல்ல.

இரண்டாம் தவணை கேட்கப்பட்ட வேளையில் ஆவணங்களை வாங்கி நான் பார்த்தேன். முதலில் கண்ணில் பட்டது சம்பளம். 2025 செப்டெம்பர் திகதியிட்ட வேலைக் கடிதத்தில் ஆண்டுச் சம்பளம் 38,700 பவுண் என்று இருந்தது. அது இந்த விசாவுக்கு 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பழைய சம்பளக் கீழெல்லை. 2025 யூலை 22 முதல் பொதுக் கீழெல்லை 41,700 பவுணாக உயர்ந்துவிட்டது. புதிதாகத் தொழிலில் நுழையும் இளையோர் போன்ற சில பிரிவினருக்குக் குறைந்த தொகை உண்டு என்றாலும், 34 வயதும் பல வருட அனுபவமும் உள்ள மைத்துனர் அவற்றில் அடங்கமாட்டார். எனவே அந்தக் கடிதம் உண்மையானதாகவே இருந்திருந்தாலும் அதை வைத்து விசா கிடைத்திருக்காது. சட்டத்தைப் பின்தொடரும் எந்த முதலாளியும் இந்தத் தொகையை எழுதியிருக்க மாட்டார். பழைய கடிதம் ஒன்றில் பெயரை மட்டும் மாற்றுபவரே இப்படி எழுதுவார் என்பது என் முடிவு.

அடுத்து, "அனுசரணைச் சான்றிதழ்" என்று முத்திரையும் கையொப்பமும் இட்ட ஒரு தாளைக் கொடுத்து, அதன் கட்டணமாக மட்டும் 9 இலட்சம் ரூபாயைக் கணக்கில் காட்டியிருந்தார்கள். அந்தச் சான்றிதழ் அடிப்படையில் உள்துறை அமைச்சின் கணினி அமைப்பில் முதலாளி உருவாக்கும் ஒரு மின்பதிவு. விண்ணப்பத்துக்குத் தேவைப்படுவது அதன் இலக்கம்தான். முத்திரைக்கு அங்கே எந்த வேலையும் இல்லை. அதற்கு அரசு அப்போது அறவிட்ட கட்டணம் 525 பவுண், அதாவது அன்றைய நாணய மாற்றில் இரண்டு இலட்சம் ரூபாயைச் சற்றுத் தாண்டும் தொகை. அதையும் முதலாளியே செலுத்த வேண்டும். 2024 டிசம்பர் 31 முதல் திறன்சார் தொழிலாளர் விசாவில் சான்றிதழ்க் கட்டணத்தைத் தொழிலாளியிடம் அறவிடுவது தடுக்கப்பட்டுள்ளது. அனுசரணை வழங்கும் முதலாளி அரசுக்குச் செலுத்த வேண்டிய, குடிவரவுத் திறன் வரி எனப்படும் தொகையைத் தொழிலாளியின் தலையில் சுமத்துவது அதற்கு முன்பிருந்தே தடை. விண்ணப்பதாரர் தானே செலுத்த வேண்டிய விசாக் கட்டணமும் சுகாதார மேல்வரியும் வேறு. அவை விண்ணப்பத்தின்போது நேரடியாக அரசுக்குச் செல்கின்றன. சான்றிதழுக்குப் பணம் என்று ஒருவர் கேட்டால், அவர் முகவராக இருந்தாலும் முதலாளியாகவே இருந்தாலும், அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடலாம்.

மைத்துனரைப் போன்றவர்கள் முதலிலேயே செய்யக்கூடியது, ஆனால் எந்த முகவரும் சொல்லித்தராதது, நிறுவனத்தின் வரலாற்றைப் பார்ப்பது. பிரித்தானியக் கம்பனிகள் அனைத்தின் பதிவுகளும் Companies House தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கடிதத்தில் இருந்த பெயரை அங்கே தேடினேன். பதிவுசெய்து இரண்டு வருடங்கள்கூட ஆகாத கம்பனி. பதிவிலிருந்த தொழில் வகை கட்டடத் துப்புரவு. கடைசியாகச் சமர்ப்பித்த கணக்கில் சராசரி ஊழியர் எண்ணிக்கை இரண்டு. இரண்டு பேர் நடத்தும் துப்புரவுக் கம்பனி சிவில் பொறியியலாளர் ஒருவருக்கு 38,700 பவுண் கொடுப்பது எப்படி? இயக்குநரின் பெயரை அழுத்தினால் அவர் இருந்த மற்றக் கம்பனிகளும் வரிசையாக வருகின்றன. இவருடையவை மூன்று, எல்லாம் கலைக்கப்பட்டவை. பெயரை மட்டும் பார்த்துவிட்டு இந்தப் பக்கத்தைத் திறக்காமல் விடுவதுதான் பெரும்பாலானோர் ஏமாறும் இடம்.

நிறுவனம் பழையதாகவும் பெரியதாகவும் தெரிந்தால் இன்னொரு இடத்தையும் பார்க்க வேண்டும். 2017 முதல் வேலைத்தல நியாயசபைத் தீர்ப்புகள் gov.uk தளத்தில் வெளியிடப்படுகின்றன. அங்கே கம்பனியின் பெயரை இட்டால், சம்பளம் கொடுக்காமல் அல்லது பிடித்தம் செய்து ஊழியர்கள் வழக்கிட்டிருந்தால் தெரியும். தீர்ப்பு எதுவும் இல்லாதது நல்ல முதலாளி என்பதற்குச் சான்றாகாது, ஏனெனில் விசாவை இழந்துவிடுவோம் என்ற பயத்தில் பலர் வழக்கே போடுவதில்லை. ஆனால் ஒரே வகையான முறைப்பாடு திரும்பத் திரும்ப இருந்தால் அதை ஒதுக்கிவிட முடியாது.

வேலைக் கடிதத்தை உறுதிசெய்யும்போது, கடிதத்தில் உள்ள தொலைபேசி இலக்கத்துக்கும் மின்னஞ்சலுக்கும் தொடர்புகொள்வதில் பயனில்லை. அங்கே பதில் சொல்பவர் கடிதத்தை எழுதியவராகவே இருக்கலாம். கம்பனியின் சொந்தத் தளத்தில் உள்ள இலக்கத்தையோ பதிவேட்டில் உள்ள அலுவலக முகவரியையோ பயன்படுத்த வேண்டும். நான் பதிவு முகவரிக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. சில வாரங்களில் அனுசரணைப் பட்டியலிலிருந்தும் அந்தப் பெயர் மறைந்துவிட்டது. உரிமம் இரத்தானால் அதன்கீழ் வழங்கிய சான்றிதழ்களும் செல்லாதவையாகும் என்பதால், அந்தத் தாள் போலியா அசலா என்ற கேள்விக்கே பிறகு இடமில்லாமல் போனது. வேலையில் சேர்ந்த பிறகு இப்படி நடந்தால், வேறு அனுசரணையாளரைத் தேடிக்கொள்ள வழக்கமாக 60 நாட்களே கொடுக்கப்படும்.

இலங்கைப் பக்கமும் ஒன்று உண்டு. வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் பெற்றிருக்க வேண்டும் என்பது 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம். உரிமம் பற்றிக் கேட்டபோது, தாங்கள் முகவர் அல்ல, ஆலோசகர் மட்டுமே என்று அந்நிலையத்தில் பதில் சொன்னார்கள். பற்றுச்சீட்டிலும் "ஆவணத் தயாரிப்பும் நேர்முகப் பயிற்சியும்" என்றே எழுதியிருக்கிறார்கள். வேலை என்ற சொல்லே அதில் இல்லை.

அந்தச் சொல் இல்லாததால்தான் பொலிஸ் முறைப்பாடு இப்போது இழுபட்டு நிற்கிறது. எங்களுக்குத் துணையாக இருப்பவை, வேலை உறுதி என்று பொறுப்பாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவுகளும் வங்கியில் பணம் இட்ட சீட்டுகளும்தான். அதே நிலையத்தில் பணம் கட்டியவர்கள் குரல் பதிவுகளை அழிக்காமல் வேறொரு இடத்திலும் பிரதி எடுத்து வையுங்கள். பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்து உங்கள் முறைப்பாட்டையும் பதியுங்கள்.