லாட்டரிக் குழுவில் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தும் 18,400 டாலர் போச்சு

கை நடுங்கிக்கொண்டுதான் டைப் பண்ணுகிறேன். எட்டுப் பேர் சேர்ந்து ஆன்லைனில் லாட்டரி வாங்குகிற குழு எங்களுடையது. எங்கள் சீட்டு ஒன்றுக்கு 1,47,200 டாலர் விழுந்தது. என் பங்கு 18,400. என் கைக்கு வந்தது பூஜ்யம்.

"எழுதி வாங்கியிருக்கணும்" என்று யாரும் சொல்ல வராதீர்கள். எழுதித்தான் வாங்கினோம். வாராவாரம் ஆளுக்கு 5 டாலர், மொத்தம் 40. ஒரு எண் வரிசை 2 டாலர், ஆக 20 வரிசை. 50 டாலருக்குக் கீழே விழும் சின்னப் பரிசைப் பிரிக்காமல் அடுத்த குலுக்கலில் போட வேண்டும். பெரிய பரிசு எட்டுச் சம பங்கு. எட்டுப் பேரும் தேதி போட்டுக் கையெழுத்திட்டோம். அந்தத் தாளில் இல்லாத ஒரே வரி எங்களைக் கவிழ்த்துவிட்டது: எந்தக் கணக்கில் வாங்குவது, அதே கணக்கில் அவர் தனக்கென்று வாங்கலாமா என்று நாங்கள் எழுதவே இல்லை.

சீட்டு வாங்கும் பொறுப்பை எடுத்தவர் தன் சொந்தக் கணக்கிலேயே வாங்கினார். குலுக்கலுக்கு முன்பு எல்லா வரிசையையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குழுவில் போடுவார். அந்த வாரம் போடவில்லை. நான் கேட்டேன். "வேலைல மாட்டிக்கிட்டேன்பா, வாங்கிட்டேன், நாலு வருஷமா பாக்கறீங்களே" என்றார். நானும் கைகூப்பி ஒரு எமோஜி போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். அந்த ஒரு எமோஜியை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

மூன்று நாள் கழித்து, "குழுவுக்கு ஒண்ணும் விழலை, நான் தனியா போட்டதுல ஒண்ணு வந்திருக்கு" என்றார். நாங்கள் ஏழு பேரும் வாழ்த்துச் சொன்னோம்! பெரிய பரிசு உடனே கணக்கில் ஏறாது, அடையாளச் சரிபார்ப்பு முடிந்த பிறகுதான் தருவார்கள். தகராறு இருக்கிறது என்று அந்த நாட்களில் எழுத்தில் சொல்லியிருந்தால் நிறுத்தி வைத்திருக்க வாய்ப்பு உண்டு. வாழ்த்திக்கொண்டே அந்த நாட்களைக் கோட்டைவிட்டோம்.

பிறகுதான் ஒருவர் கேட்டார்: போன வாரம் விழுந்த 4 டாலர் எங்கே? அது அவர் கணக்கின் வாலட்டில் இருந்தது. ஒப்பந்தப்படி அதற்கு இரண்டு வரிசை வாங்கியிருக்க வேண்டும். அவர் "தனியாக" வாங்கியது எத்தனை வரிசை? இரண்டு! எங்கள் இருபதுக்கு அரை மணி நேரம் கழித்து, அதே வாலட்டிலிருந்து. நடுவில் அவர் தன் கைக்காசைப் போட்டாரா என்பது பணப் பரிமாற்றப் பட்டியலைப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். கேட்டோம். மேலும் கீழும் வெட்டிய ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. முழுசாகக் கேட்டதற்கு, "என் பேங்க் விவரத்தை எல்லாருக்கும் காட்டணுமா?" என்று கோபப்பட்டார்.

தளத்துக்கு ஐந்து மெயில் போட்டோம். ஐந்துக்கும் ஒரே பதில்: எங்கள் உடன்பாடு கணக்கு வைத்திருப்பவரோடு மட்டும், அவருக்குப் பரிசைக் கொடுத்துவிட்டோம், உங்களுக்குள் இருக்கும் தாள் எங்களைக் கட்டுப்படுத்தாது, நீதிமன்ற உத்தரவு இல்லாமல் கணக்கு விவரம் தர முடியாது. சாட்டில் பேசிய பெண் "வேறு ஏதாவது உதவி வேண்டுமா சார்?" என்று கேட்டுவிட்டு மூடிவிட்டார்.

வழக்கறிஞர் ஒரு பழைய வழக்கைச் சொன்னார். நியூஜெர்சியில் 2009-ல் 3.85 கோடி டாலர் விழுந்தது. அங்கேயும் குழுவுக்காகச் சீட்டு வாங்கியவர் 'அது என் தனிச் சீட்டு' என்றார். கூட வேலை பார்த்த ஐந்து பேர் வழக்குப் போட்டார்கள். 2012-ல் ஜூரி அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நியாயம் கிடைக்கும்தான், ஆனால் வருஷக்கணக்கில் அலைய வேண்டும். எங்கள் தொகைக்கு வழக்குச் செலவே பாதியைத் தின்றுவிடும் என்கிறார். என் 18,400-ல் என்ன மிஞ்சும்?

விரிவாக எழுத இப்போது மனசு இல்லை. குழு நடத்துகிறவர்கள் இதையாவது செய்யுங்கள். குழுவுக்கென்றே தனிக் கணக்கு வையுங்கள், அதில் வாங்கும் எல்லாச் சீட்டும் குழுவுடையது என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். விற்பனை மூடுவதற்கு முன் எல்லா வரிசையும், வாங்கிய நேரமும், மிச்சமிருக்கும் வாலட் தொகையும் தெரிகிற ஸ்கிரீன்ஷாட் வரவில்லையென்றால் அன்றைக்கே கேளுங்கள். சந்தேகம் வந்த நிமிஷமே, பரிசுப் பணம் கைமாறும் முன், தளத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

இன்று காலை அவர் வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறிவிட்டார். நாலு வருஷ உரையாடலையும் ஏற்றுமதி செய்து வழக்கறிஞருக்கு அனுப்பிவிட்டேன்.