பெய்தும், பெய்தாலும், பெய்தது ஆனால்

"மழை பெய்தும் குளம் நிரம்பவில்லை." "மழை பெய்தாலும் குளம் நிரம்பவில்லை." "மழை பெய்தது. ஆனால் குளம் நிரம்பவில்லை." மூன்றும் ஒரே சங்கதிதான் என்று தோன்றும். ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் பல இடங்களில் இடிக்கும்.

'பெய்தும்' நடந்து முடிந்ததற்கு மட்டுமே பொருந்தும். மழை பெய்தது உறுதி, குளம் நிரம்பும் என்று எதிர்பார்த்தோம், ஏமாந்தோம். அந்த ஏமாற்றம் 'உம்'மிலேயே இருக்கிறது. "நாளை மழை பெய்தும் வருவேன்" என்று யாரும் சொல்வதில்லை. அங்கே 'பெய்தாலும்'தான் வரும்.

'பெய்தாலும்' நடந்ததற்கும் வரும், நடக்கக்கூடியதற்கும் வரும். வசதிதான், ஆனால் சிக்கலும் அதில்தான். "பேச்சுவார்த்தை நடந்தாலும் உடன்பாடு" என்பது வரை படித்தவருக்குப் பேச்சுவார்த்தை நடந்ததா, இனிமேல்தானா என்று தெரியாது. 'ஏற்படவில்லை' என்ற கடைசி வினை வந்த பிறகுதான் தெளியும். 'நடந்தும்' என்று எழுதியிருந்தால் அந்தத் தடுமாற்றமே இல்லை. நடந்து முடிந்த விஷயத்துக்கு என் ஓட்டு 'நடந்தும்' பக்கம்.

அப்படியென்றால் 'ஆனால்' எதற்கு? முதல் செய்தி வாசகருக்குப் புதிதாக இருக்கும்போது அதற்கு. "பேச்சுவார்த்தை நேற்று நள்ளிரவு வரை நீடித்தது. ஆனால் உடன்பாடு ஏற்படவில்லை." இங்கே நள்ளிரவு வரை நீடித்ததும் தனிச் செய்தி, அதற்கு ஒரு முற்றுப்புள்ளி தகும். வாசகருக்கு ஏற்கெனவே தெரிந்ததென்றால் 'நீடித்தும்' என்று மடித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

காரணம் சொல்வதிலும் இதே போட்டிதான்: 'பெய்ததால்' என்று மடிப்பதா, 'பெய்தது. அதனால்' என்று பிரிப்பதா? ஒரு காரணம் என்றால் மடிப்பதே அழகு. மடிப்புக்குள் மடிப்பு வைத்தால்தான் வம்பு. அடுக்குமாடிக் குடியிருப்பு அறிவிப்புப் பலகைகளில் இந்த மாதிரி பார்க்கலாம்:

"மோட்டார் பழுதானதால் மேல்தொட்டி நிரம்பாததால் மாலை தண்ணீர் வராததால் அனைவரும் ஒத்துழைக்கவும்."

மூன்று 'ஆல்'. எது எதற்குக் காரணம் என்று வாசிப்பவர்தான் கணக்குப் போட வேண்டும். தேவையான செய்தியோ மூன்றாவது மடிப்பில் ஒளிந்திருக்கிறது. பிரித்து எழுதிப் பார்ப்போம்:

"இன்று மாலை தண்ணீர் வராது. மோட்டார் பழுதானதால் மேல்தொட்டி நிரம்பவில்லை. பிடித்து வைத்திருப்பதைச் சிக்கனமாகச் செலவழிக்கவும்."

முதல் இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே 'ஏனென்றால்' போடலாமே என்று கை துறுதுறுக்கும். அது விளைவை முன்னே வைத்துக் காரணத்தைப் பின்னே சொல்ல உதவும் சொல். இங்கே அந்த வரிசை ஏற்கெனவே அமைந்துவிட்டது, "தண்ணீர் வராது" என்றதும் "ஏன்?" என்று படிப்பவரே கேட்டுவிடுவார். அடுத்த வாக்கியம் அதற்குப் பதில் என்று சொல்ல இணைப்புச்சொல் வேண்டியதில்லை.

வாக்கியங்கள் தள்ளித் தள்ளி இருந்தால் கதை வேறு. மோட்டார் பழுதைப் பற்றி ஒரு பத்தி முழுக்க எழுதிவிட்டு விளைவுக்கு வரும்போது வெறும் 'அதனால்' போதாது. எதனால் என்று தேட வேண்டியிருக்கும். "மோட்டார் நின்றுபோனதால்" என்று பெயரைச் சொல்லியே தொடங்குவது நல்லது.